இருபத்திரண்டு இடது கைகள்

1997 ஜனவரி மாதம், பூனாவின் கிர்க்கி பஜாரில் இருந்த ஆரோக்கியசாமி அண்ணாச்சியின் தையல்கடையில், ஒன்றாம் தேதியிலிருந்து பதினேழாம் தேதிவரை முப்பத்தேழு ஊசிகள் உடைந்தன. எண்ணிக்கை ஜெனிபருடையது. அவள் காஜா எடுத்து, பொத்தான் வைத்து, ஓரம் மடித்து, கடைசியில் இஸ்திரி போட்டு மடிக்கிறவள். உடைந்த ஊசியை யாரும் மிதித்துவிடக் கூடாதென்று ஒரு தைல டப்பாவில் போட்டு வைப்பாள். டிசம்பரில் முழு மாதத்துக்கும் ஒன்பதுதான். ஒரு மாதத்துக்குள் நான்கு மடங்கு ஆனால் ஊசிக் கம்பெனியைக் குறை சொல்வதா, மனுஷரைக் குறை சொல்வதா என்று அவள் யோசிக்க ஆரம்பித்தது அப்படித்தான்.

கடையில் வேலை ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குப் போகும். பெரிய மேஜையில் அமல்ராஜ் துணி வெட்டுவான்; அவன் ஜெனிபரின் கணவன். வெட்டியது ஜெயசீலனுக்கும் பானுவுக்கும் போகும். ஜெயசீலன் ஐம்பது தாண்டிய, கல்யாணம் ஆகாத, எதற்கும் சிரிக்கிற மனுஷன். பானு கிர்க்கியிலேயே பிறந்தவள். பாதி தமிழ், பாதி இந்தி. இருவரும் தைத்தது கடைசியாக ஜெனிபரிடம் வரும். கடைசியில் உட்கார்ந்திருப்பதால் அவளுக்கு ஒரு வசதி. எல்லாரும் அன்றைக்கு எப்படி இருந்தார்கள் என்பதைத் துணியே சொல்லிவிடும். பானு பதறினால் நூலை இறுக்கிவிடுவாள். தையல் ஓரம் சுருங்கி, வயசான முகம் மாதிரி இருக்கும். ஜெயசீலன் பதறினால் வளைவில் பெடலை மிதித்து ஓட்டிவிடுவார். அமல்ராஜ் பதறினால் ஒரே கோட்டை இரண்டு தடவை சாக்பீஸால் போடுவான். எந்தக் கோடு நிஜமென்று அவனுக்கே தெரியாது.

அந்த மாதம் எல்லாருடைய துணியும் சேர்ந்தாற்போல் சுருங்கியது.

காரணமும் ஊரறிந்ததுதான். பக்கத்து ஔந்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பாண்டு வாத்தியக் குழுவுக்கான மெரூன் கோட் நாற்பத்தெட்டு. குடியரசு தினத்துக்கு முந்தின நாள் சாயங்காலத்துக்குள் கொடுக்க வேண்டும். தங்க நிறக் கயிறு, தோளில் பட்டி, இரண்டு வரிசைப் பொத்தான். பெரிய வேலைதான், ஆனால் செய்ய முடியாத வேலை இல்லை. தினம் காலை பத்தரைக்குக் கடை டெலிபோன் அடிக்கும். அண்ணாச்சி எடுத்து "ஹலோ" என்பார். அந்த "ஹலோ"வோடு அவர் குரல் அரை சாண் உயரும். போனை வைத்துவிட்டு, யாரிடமும் காரணம் சொல்லாமல், சும்மா சத்தம் போட்டபடி மேஜையைச் சுற்றி இரண்டு தடவை நடப்பார். அவ்வளவுதான். பத்து நாற்பதுக்கு அமல்ராஜின் கோடு இரண்டாகும். பதினொன்றுக்கு ஜெயசீலனின் மெஷின் ஓடும். பதினொன்றே காலுக்கு முதல் ஊசி உடையும்.

ஜெனிபர் நேரத்தைக் குறித்துப் பார்த்தாள். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. போன் வராத ஞாயிறு அரை நாள் வேலையில் ஒரு ஊசிகூட உடையவில்லை.

இதெல்லாம் கடையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஆறு மணிக்கு அவளும் அமல்ராஜும் மாடிப்படி ஏறுவார்கள். கடைக்கு மேலே இரண்டு ரூம் அவர்களுக்கு; வேலையோடு சேர்ந்து கிடைத்த வீடு. வேலை போனால் வீடும் போகும். குழாயில் இருபத்து நான்கு மணி நேரமும் தண்ணீர். கிர்க்கியில் அது சின்ன விஷயமில்லை. பதினெட்டாம் தேதி சனிக்கிழமை, படியேறி வந்த அமல்ராஜ் செருப்பைச் சுவரில் எறிந்தான். அவள் பருப்பைக் கருக விட்டாள். ஒன்பது வயது மகள் பெனிட்டா, கருகின பருப்பைப் பார்த்து, பக்கத்துவீட்டு ஜோஷி பாட்டியின் பூனையை உதைத்தாள். பாட்டி மராத்தியில் ஆரம்பித்தது ராத்திரிச் சாப்பாடுவரை நிற்கவில்லை. ஔந்தில் யாரோ ஒருவர் போனில் பேசியதற்குக் கிர்க்கியில் ஒரு பூனை நொண்டுகிறது என்று ஜெனிபர் மனசுக்குள் கணக்குப் போட்டாள். சிரிப்பு வந்தது. அமல்ராஜ் சிரிக்கவில்லை.

"இன்னும் ஒரு தடவ, என் கத்திரியப் பாத்து அந்த மனுஷன் சத்தம் போடட்டும். டேப்பக் கழட்டி வச்சிட்டு இறங்கிருவேன்."

"எங்க இறங்கப் போறிய? நாம மாடியில இருக்கோம்."

"கேலி பண்ணாத. தூத்துக்குடிக்குப் போயிருவோம்."

"அங்க என்ன, உங்க மாமா கடையில அவுக சத்தம் போட மாட்டாவளா?"

"அது வேற."

"பெனிட்டா நாலாங்கிளாஸ், நடுவுல எப்படி எடுக்கிறது? தண்ணிக் கொழாய எந்தக் கையில தூக்கிட்டுப் போறது?"

அவன் இரண்டாம் தடவை சொன்னால் செய்துவிடுவான் என்பது அவளுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் பெரிய மிலிட்டரி டெய்லர் கடையொன்றை அப்படித்தான் விட்டான்.

ஞாயிறு கழிந்து திங்கட்கிழமை காலை ஜெனிபர் ஒரு திட்டத்தோடு இறங்கினாள். அண்ணாச்சி சத்தம் போட்டால் யாரும் முகத்தைக் காட்டக் கூடாது. நிமிரக் கூடாது. பதில் பேசக் கூடாது. கல்லு மாதிரி இருக்க வேண்டும். அமல்ராஜிடம் மாடியிலேயே சொன்னதை, சாயா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு பானுவுக்கும் ஜெயசீலனுக்கும் விளக்கினாள்.

"கல்லா?" என்றாள் பானு. "அக்கா, எனக்கு பேஸ் கண்ட்ரோல் வராது. அண்ணாச்சி கத்தினா என் வாய் தானா அவர் மாதிரி போகுது. தேகோ, பாருங்க." அண்ணாச்சியின் பதறின முகத்தைப் பானு செய்து காட்டியது அத்தனை துல்லியமாயிருந்ததால், ஜெயசீலனின் வாயும் தானாக அப்படிப் போனது.

"ஒருத்தருக்கு ஒருத்தர் ஒட்டிக்கிடுது பாத்தியளா?" என்றாள் ஜெனிபர். "அதனாலதான் சொல்லுதேன். பாக்கவே வேண்டாம்."

"சரிம்மா. நான் கல்லு. பானு மணலு," என்றார் ஜெயசீலன்.

அன்று பத்தரைக்குப் போன் வந்தது. அண்ணாச்சி மேஜையைச் சுற்றினார். நால்வரும் குனிந்திருந்தார்கள். "என்னவே, எல்லாரும் சாவு வீட்ல இருக்க மாதிரி இருக்கிய?" என்றார். யாரும் பேசவில்லை. "எத்தன முடிஞ்சிருக்கு?" யாரும் நிமிரவில்லை. அவர் முகம் வெளிறியது. கல்லாக இருக்கத் தெரியாத ஜெயசீலனுக்கு உள்ளே கொதித்ததால் அரை மணியில் இரண்டு ஊசி உடைந்தது. அண்ணாச்சி மூன்றாவது தடவை சுற்றினார், நான்காவது தடவை சுற்றினார். பிறகு ஒவ்வொரு மெஷினுக்குப் பின்னாலும் நின்று பார்க்க ஆரம்பித்தார். முதுகுக்குப் பின்னால் ஒருவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் எவருக்குத் தையல் நேராக வரும்? 'எல்லாரும் சேர்ந்து என்னை விட்டுப் போகத் திட்டம் போட்டுட்டாங்க' என்று அவர் நினைத்துக்கொண்டது பிறகுதான் தெரிந்தது. பயந்தவருக்குப் பதிலே கிடைக்காவிட்டால் பயம் குறையாது. இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கேட்கும்.

அந்த இரண்டு நாள் மௌனத்தில் இன்னொன்றும் நடந்தது. தையலைப் பற்றி யாரும் யாரிடமும் கேட்டுக்கொள்ளவில்லை.

இருபத்தொன்றாம் தேதி செவ்வாய் மதியம், ஜெனிபர் கயிறு வைக்கப் பதினொரு கோட்டை எடுத்தாள். முதல் கோட்டின் வலது கை பின்பக்கமாக வளைந்திருந்தது, ஏதோ யாரையோ முதுகில் தட்டப் போவது மாதிரி. இரண்டாவதும் அப்படி. பதினொன்றும் அப்படி. அவள் ஒரு கையைப் பிரித்து மேஜையில் விரித்தாள். இடது கை. இன்னொன்றை விரித்தாள். அதுவும் இடது கை.

மாமூலாக அமல்ராஜ் துணியை மடித்து, முகத்துக்கு முகம் வைத்து வெட்டுவான். அப்படி வெட்டினால் ஒன்று வலது, ஒன்று இடது கிடைக்கும். இவற்றை வெட்டின அன்று அண்ணாச்சி முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தார். சீக்கிரம் ஆகட்டுமென்று அவன் எல்லாத் துணியையும் ஒரே முகமாக அடுக்கி ஒரே வெட்டு வெட்டிவிட்டான். இருபத்திரண்டும் இடது கை.

அவள் மெல்ல ஜெயசீலனிடம் கேட்டாள்: "இதத் தச்சது நீங்கதானே? தெரியலியா?"

"தெரிஞ்சது தாயி. வலது பக்கம் உக்காரவே மாட்டேன்னுச்சு. இழுத்து இழுத்துத்தான் உக்கார வச்சேன்."

"சொல்லலியே?"

"கல்லு எப்படிச் சொல்லும்?"

அவளுக்கு நெஞ்சு படபடத்தது. தோள் இரண்டும் காதுவரை ஏறியிருப்பதை அப்போதுதான் கவனித்தாள். இந்த மாதம் முழுக்க அந்தத் தோள் அங்கேதான் இருந்திருக்கும். குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினாள். தோளை இறக்கினாள். மூச்சை இழுத்தாள், இழுத்ததைவிட மெதுவாக விட்டாள். மூன்று தடவை. பிறகு யோசித்தாள். இதில் எது என்னுடையது? கோட் வீணாகுமோ, வீடு போகுமோ என்கிற பயம் என்னுடையது. மீதி, அந்தப் படபடப்பு, காலை பத்தரைக்கு வந்த அண்ணாச்சியுடையது. நான் வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறேன். பிரித்துப் பார்த்ததும் அவள் பங்கு எதிர்பார்த்ததைவிடச் சின்னதாயிருந்தது.

திரும்பி வந்து அண்ணாச்சியின் ஸ்டூலுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"அண்ணாச்சி, ஒரு சங்கதி. உக்காந்து பாக்கணும்."

"என்ன?"

"பதினொரு கோட்டுக்கு ரெண்டு கையும் இடது கை."

அண்ணாச்சியின் குரல் பஜார்வரை கேட்டது. "யாருவே வெட்டினது! அமல்ராஜா! உனக்கு இடது வலது தெரியாதாவே! எனக்கு மானம் போச்சு! எம்புட்டு வருஷத்துக் கடை! போ, தூத்துக்குடிக்கே போ, நீயும் உன் கத்திரியும்!"

எதிர்க்கடைப் பாத்திரக்காரன் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தான். அமல்ராஜ் கத்திரியை மேஜையில் வைத்தான். கழுத்திலிருந்த டேப்பை எடுத்தான். மடிக்க ஆரம்பித்தான்.

ஜெனிபருக்கும் கத்த வாய் வந்தது. கத்தினால் டேப் மடிந்துவிடும். அவள் அண்ணாச்சியின் முகத்தைப் பார்க்காமல் கையில் இருந்த துணியையே பார்த்தாள். கோடு, நூல், நூல் முடிச்சு. அந்த முதல் அலை அவள் தலைக்கு மேல் போகட்டும் என்று விட்டாள். அண்ணாச்சி மூச்சு வாங்க நிறுத்தினார். அப்போது, குரலைக் கீழே வைத்து, மெதுவாகச் சொன்னாள்.

"ஆமா அண்ணாச்சி. இருபத்தஞ்சுக்குள்ள கொடுக்கணும். எனக்கும் அந்தப் பயம் இருக்கு."

பயமிருக்கிறது என்று யாராவது சொன்னது அந்த மாதத்தில் அதுதான் முதல் தடவை.

"வெட்டாத கோட்டு எத்தன பாக்கி இருக்கு?"

"எதுக்கு?"

"எண்ணிச் சொல்லுங்க. எனக்குத் தெரியல."

அண்ணாச்சி எழுந்தார். எண்ணுவதற்கு ஒரு மனுஷன் குனிய வேண்டும். குனிந்து அலமாரித் துணிச் சுருள்களை ஒவ்வொன்றாகத் தொட்டார். தொடத் தொடக் குரல் இறங்கியது. "தச்சது பதினாலு... இந்தக் கூத்து பதினொண்ணு... பாக்கி இருபத்திமூணு. எல்லாம் ஒரே அளவுதான். பள்ளிக்கூடத்துல எட்டாங்கிளாஸ் பூராம் ஒண்ணு போலத்தான் இருக்கு." அவர் நின்றார். விரல்களை விரித்தார். "பதினொரு இடது கை கூடுதலா இருக்கு. அந்த இருபத்திமூணுல பதினொண்ணுக்கு இடது கை வெட்டவே வேண்டாம்லா! வலது மட்டும் வெட்டினாப் போதும்! துணி ஒரு சாணும் வீணாகல!"

"அரே, சச்மே? நிஜமாவா?" என்றாள் பானு. வாய் அவரைப் போலவே விரிந்தது.

"பின்ன என்ன? இதுகளுக்குப் பதினொரு வலது கை புதுசா வெட்டணும். தப்பாப் போன கையப் பிரிக்கணும். அவ்வளவுதான். யாருவே மானம் போச்சுன்னு சத்தம் போட்டது?"

"தெரியலையே அண்ணாச்சி," என்றார் ஜெயசீலன். "பாத்திரக்கடைப் பக்கமாக் கேட்டுச்சு."

சிரிப்பு வெடித்தது. அண்ணாச்சியும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக. ஆனால் அமல்ராஜின் டேப் இன்னும் அவன் கையில்தான் இருந்தது. ஜெனிபர் அவன் பக்கத்தில் போய், வேறு யாருக்கும் கேட்காமல் பேசினாள்.

"அவுக சொன்னதுல ரெண்டு இருக்கு. கை தப்புங்கிறது நெசம், அத எடுத்துக்கிடுங்க. தூத்துக்குடிக்குப் போங்கிறது பயம். அத அவுகளுக்கே விட்டுருங்க. அது நம்ம சாமானில்ல."

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் காதுல விழுது."

"விழும். அதான் மாடிக்குப் போய் அஞ்சு நிமிஷம் இருந்துட்டு வாங்கங்கேன். கத்திரி இங்கேயே இருக்கட்டும்."

அவன் போனான். அந்த ஐந்து நிமிஷத்தில் ஜெனிபர் ஒரு காரியம் செய்தாள். தப்பான கோட்டுகளை அண்ணாச்சியின் மடியில் வைத்து, பிரிக்கிற ஊசியையும் கையில் கொடுத்தாள்.

"நீங்கதான் நல்லாப் பிரிப்பியன்னு ஜெயசீலண்ணன் சொல்லுவாவ."

ஜெயசீலன் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் அது உண்மை. முதலாளியாகி இருபது வருஷம் ஊசி எடுக்காத மனுஷன், கண்ணாடியைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொரு தையலாக அவிழ்க்க ஆரம்பித்தார். அவசரப்பட்டால் துணி கிழியும். ஆகவே அவசரப்பட முடியாது. கால்மணியில் அவர் மூச்சு சீரானது. அதைக் கேட்டுக்கொண்டே பானுவின் பெடல் நிதானமானது. ஜெயசீலன் வளைவில் நிறுத்தி ஓட்டினார். சத்தம் இப்போது மறுபக்கமாக ஓடியது. ஒருத்தரால் பரவியது பதற்றம் என்றால், ஒருத்தரால் நிதானமும் பரவத்தான் வேண்டும்.

அமல்ராஜ் இறங்கி வந்தபோது அண்ணாச்சி தலை நிமிராமல் பேசினார். "என் மகள் ரெஜினா அந்தப் பள்ளிக்கூடத்துல டீச்சர்வே. அவதான் சொல்லி இந்த வேலை வாங்கிக் குடுத்தா. ஹெட்மிஸ்ட்ரஸ் அவகிட்டக் கத்துது. அவ எங்கிட்டப் போன்ல, 'அப்பா, என் மானத்த வாங்கிராதிய'ங்கா. நான் போன வச்சதும் எனக்கு எங்க போறதுன்னு தெரியல. மேஜையச் சுத்துதேன்."

"இதத்தான் முதல்லயே சொல்லியிருக்கலாம்," என்றான் அமல்ராஜ்.

"சொன்னா எனக்குத்தான் பயம்னு தெரிஞ்சிரும்லா?"

"தெரியாதுன்னு யாரு சொன்னது? பூனைக்கே தெரிஞ்சிட்டு," என்றாள் ஜெனிபர்.

அமல்ராஜ் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொள்ளவில்லை. மேஜையில் வைத்துவிட்டுத் துணியை முகத்துக்கு முகம் மடித்தான். அன்றைக்கு ஜெனிபருக்கு அது போதும்.

நான்கு நாளில் பெரிய அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. பத்தரைக்குப் போன் வந்தது. அண்ணாச்சி மேஜையைச் சுற்றினார். ஆனால் சுற்றிக்கொண்டே, "ஹெட்மிஸ்ட்ரஸ் இன்னிக்கு ரொம்பக் காரம்வே" என்று சொன்னார். காரம் யாருடையது என்று தெரிந்துவிட்டதால் யார் நாக்கும் எரியவில்லை. இரண்டே ஊசிகள் உடைந்தன. ஒன்று பானு வடாபாவ் தின்றுகொண்டே தைத்ததால். சாயங்காலம் படியில் ஏறும்போது அமல்ராஜும் ஜெனிபரும் பாதியில் நின்று, கீழே பஜாரில் ஆட்டோக்கள் மோதிக்கொள்ளாமல் போவதை இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு மேலே போனார்கள். ஜோஷி பாட்டி தன் மருமகளிடம், இந்த மதராசிகளுக்குப் புதுசாக் காதல் வந்திருக்கிறது என்றாள்.

இருபத்தைந்தாம் தேதி மூன்று மணிக்கு அண்ணாச்சியும் அமல்ராஜும் ஜெனிபரும் டெம்போவில் நாற்பத்தெட்டு கோட்டையும் ஏற்றிக்கொண்டு ஔந்துக்குப் போனார்கள். மைதானத்தில் பாண்டு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. பாண்டு மாஸ்டர் கையில் குச்சியோடு ஹெட்மிஸ்ட்ரஸின் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கப் பார்க்க அவர் குச்சி வேகமானது. குச்சி வேகமானதும் சின்ன மேளக்காரப் பிள்ளைகள் வேகமானார்கள். மேளம் வேகமானதும் பியூகிள் ஊதுகிறவன் மூச்சுத் திணறினான். அணிவகுப்பு ஓட்டப்பந்தயமாகிக்கொண்டிருந்தது.

"அம்மாடி," என்றார் அண்ணாச்சி. "அது நான்தானவே!"

கோட் போட்டுப் பார்க்கப் பிள்ளைகள் வரிசையில் வந்தார்கள். பெரிய மேளம் அடிக்கிற பெண்ணுக்கு ஜெனிபர் பொத்தான் போட்டுவிட்டாள். அந்தக் குழந்தையின் தோள் காதுவரை ஏறியிருந்தது. ஜெனிபர் இரண்டு கையாலும் அந்தத் தோளை மெல்லக் கீழே இறக்கினாள்.

"பேட்டா, சாரோட முகத்தப் பாக்காத," என்று தனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னாள். "உன் கால் ஆட்டத்தப் பாரு. நீ அடிக்கிறதுதான் பெரிய சத்தம். நீ மெதுவா அடிச்சா எல்லாரும் மெதுவாத்தான் வரணும்."

ஒத்திகை மறுபடி ஆரம்பித்தது. முதலில் குச்சி ஓடியது, மேளம் ஓடவில்லை. ஒரு நிமிஷம் இரண்டும் தனித்தனியாகப் போயின. பிறகு, பிள்ளைகளின் கால்கள் பெரிய மேளத்தைக் கேட்டு ஒன்று சேர்ந்தன. கடைசியில் மாஸ்டரின் குச்சியும் வேறு வழியில்லாமல் மேளத்தோடு சேர்ந்துகொண்டது. ஏன் நிம்மதியானோம் என்று தெரியாமல் அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். நாற்பத்தெட்டு மெரூன் கோட் மாலை வெயிலில் ஒரே அளவாக ஆடிப் போயின. நாற்பத்தெட்டு வலது கையும் வலது கையாகவே இருந்தன.

ரெஜினா டீச்சர் வராந்தாவிலிருந்து ஓடி வந்தாள். "அப்பா! அப்பா, பட்டன் எல்லாம் சரியா இருக்கா? ஹெட்மிஸ்ட்ரஸ் கேட்டாங்க, நான் என்ன சொல்ல..."

குரல் அரை சாண் உயர அண்ணாச்சி வாயைத் திறந்தார். அவர் வேட்டியை இழுத்துக்கட்டிக்கொண்டு ஒரு மூச்சு விட்டார். பிறகு மகளின் முதுகில் தட்டினார்.

"இரு பிள்ளே. மூணு கோட்டுல பொத்தானத் தொட்டுப் பாத்துட்டு வா. பாத்துட்டுச் சொல்லு."

டெம்போவில் திரும்பும்போது அமல்ராஜ் முன்னால் உட்கார்ந்திருந்தான். ஔந்துப் பாலம் தாண்டும்வரை ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தான். ஜெனிபர் பின்னால் வெறும் துணிமூட்டையைப் பிடித்துக்கொண்டு, அவன் என்ன சொல்லப்போகிறான் என்று காத்திருந்தாள்.

"அண்ணாச்சி," என்றான். "புதன்கிழம அந்தக் கல்யாண ஷெர்வானிக்குத் துணி நனைச்சு வைக்கணும். இந்தத் தடவ மடிச்சு வெட்டும்போது நீங்க கடையில இருக்கக் கூடாது. சாயா குடிக்கப் போயிருங்க."

"அரை மணியா?"

"ஒரு மணி."

"சரிவே," என்றார் அண்ணாச்சி. "பாத்திரக்கடையில உக்காந்திருக்கேன்."

ஜெனிபர் மூட்டையின்மேல் தலையைச் சாய்த்தாள். வீட்டில் பருப்பு வேகவைக்க வேண்டும், கருகாமல்.